பொடுகு இல்லை, பேன் இல்லை, ஆனாலும் அரிக்கிறது

தலை அரிக்கிறது என்று ஒருவர் சொன்னால், கேட்பவருக்கு உடனே தோன்றுபவை இரண்டு: பொடுகு அல்லது பேன். இரண்டும் இல்லை என்று தெரிந்ததும், "எல்லாம் மனசுதான்" என்று பேச்சு முடிந்துவிடும். தோலில் எதுவும் தெரியாமல் தலை மட்டும் அரிக்கும், எரியும், ஏதோ ஊர்வதுபோல் இருக்கும் நோயாளிகள் இப்படித்தான் வருடக்கணக்கில் ஷாம்பு மாற்றி, எண்ணெய் மாற்றி, கடைசியில் சொல்வதையே நிறுத்திவிடுகிறார்கள். அவர்களின் அரிப்பு உண்மையானது. அதன் காரணத்தைக் கண்ணால் தேடுவதைவிடக் கடிகாரத்தால் தேடுவது பயன் தரும் என்பதே இந்த அத்தியாயம் சொல்ல வரும் செய்தி.

முதலில் ஒரு எச்சரிக்கை. "செதில் இல்லை" என்பது நம் வீடுகளில் பல சமயம் "எண்ணெய்க்கு அடியில் செதில் தெரியவில்லை" என்றுதான் பொருள்படும். தினமும் எண்ணெய் தடவும் தலையில் பொடுகு உதிராது, ஒட்டிக்கொண்டு கிடக்கும். ஆகவே மூன்று நான்கு நாள் எண்ணெய் வைக்காமல் விட்டு, பகல் வெளிச்சத்தில் வகிடு வகிடாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். பேனுக்கும் அப்படியே. உலர்ந்த தலையில் மேலோட்டமாகப் பார்த்தால் பேன் ஓடிவிடும். தலையை ஈரமாக்கி, கண்டிஷனர் தடவி, நெருக்கமான பல்லுள்ள பேன்சீப்பால் வேரிலிருந்து நுனிவரை வாரி, சீப்பை ஒவ்வொரு முறையும் வெள்ளைத் துணியில் துடைத்துப் பார்த்தால் ஓரளவு நம்பலாம். பேன் கடித்ததும் அரிப்பதில்லை என்பதும் நினைவிருக்கட்டும். அந்த அரிப்பு பேனின் எச்சிலுக்கு உடல் காட்டும் ஒவ்வாமை. முதல் முறை தொற்றியவருக்கு அது தொடங்கவே நான்கு முதல் ஆறு வாரம் ஆகலாம். இந்த இரண்டு சோதனைகளையும் தாண்டிய பிறகும் தலை அரித்தால்தான் நாம் பேசப்போகும் கதை தொடங்குகிறது.

அரிப்பு என்பது லேசான வலி என்றே நெடுநாள் நினைத்திருந்தார்கள். 1997-இல் ஜெர்மனியில் மார்ட்டின் ஷ்மெல்ஸ் குழுவினர் தன்னார்வலர்களின் கால் நரம்பில் மெல்லிய மின்முனையைச் செலுத்தி ஒவ்வொரு நரம்பிழையாகப் பதிவு செய்தார்கள். அழுத்தினாலும் கிள்ளினாலும் பேசாமல் இருந்து, ஹிஸ்டமின் பட்டதும் மட்டும் சமிக்ஞை அனுப்பும் மிக மெல்லிய இழைகள் சில அதில் அகப்பட்டன. அவை சமிக்ஞையைக் கடத்தும் வேகம் வினாடிக்குச் சுமார் அரை மீட்டர்தான். ஹிஸ்டமின் என்பது கொசு கடித்தால், படை வந்தால் தோலில் வெளியாகும் பொருள். செட்டிரிசின் போன்ற மாத்திரைகள் தடுப்பது இதைத்தான்.

ஹிஸ்டமின் இல்லாமலும் அரிக்கும் என்பது பூனைக்காலிக் கொடியின் காய் மேல் பட்ட எவருக்கும் உடம்பிலேயே தெரியும். அதன் மேலுள்ள சுணை தோலில் குத்தினால் தாங்க முடியாத அரிப்பு. 1950-களில் அமெரிக்கத் தோல் மருத்துவர் வால்டர் ஷெல்லி, இந்த அரிப்பைத் தூண்டுவது சுணையில் உள்ள புரதம் சிதைக்கும் ஒரு நொதி என்று காட்டினார். அது ஹிஸ்டமின் வழியில் போவதில்லை. வேறொரு நரம்பிழைக் கூட்டத்தைத் தூண்டுகிறது. தடிப்பும் பெரிதாக எழும்பாது. ஹிஸ்டமினைத் தடுக்கும் மாத்திரை அங்கே உதவாது. தலையில் எதுவும் தெரியாமல் வரும் நாள்பட்ட அரிப்பில் பெரும்பகுதி இந்த இரண்டாம் வகையோடுதான் உறவு. "மாத்திரை போட்டும் கேட்கவில்லை" என்பதை வைத்து நோயாளியைச் சந்தேகிப்பது தவறு. எந்த வழி அடைபட்டிருக்கிறது, எது திறந்திருக்கிறது என்பதற்கு அது ஒரு தடயம். பழைய வகை மாத்திரைகளில் தூக்கம் வருவதால் இரவு கழியும், அவ்வளவுதான்.

வெந்நீர் ஊற்றினால், வியர்த்தால், ஹேர் டிரையர் பிடித்தால் தலை எரிகிறது என்று பலர் சொல்வதற்கும் விளக்கம் உண்டு. நரம்பு நுனிகளில் வெப்பத்தையும் மிளகாயின் காரத்தையும் ஒரே கதவு வழியாக உணரும் ஒரு புரதம் இருக்கிறது. டேவிட் ஜூலியஸ் 1997-இல் கண்டறிந்த இதற்காகவே 2021-இல் அவருக்கு நோபல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது. வழக்கமாக இது 43 டிகிரி செல்சியஸ் அளவில்தான் திறக்கும். அருகில் அழற்சியோ நரம்புக் குறையோ இருந்தால் திறக்கும் அளவு கீழே இறங்கிவிடும். அப்போது வெதுவெதுப்பான தண்ணீரும் எரிச்சலாகத் தெரியும். தோல் சாதாரணமாக இருக்கும், அளவுகோல் மாறியிருக்கும்.

இப்போது கடிகாரத்துக்கு வருவோம்.

தலையில் பூசும் பொருளால் வரும் தொல்லை இரண்டு வகை. சோப்பு நுரை, சாயக் காரம் போன்றவை தோலை நேரடியாக உறுத்துவது முதல் வகை. அது சில நிமிடங்களிலோ அதே நாளிலோ எரியும், அளவு குறைத்தால் குறையும். இரண்டாவது தொடு ஒவ்வாமை. இதில் ரத்தத்திலுள்ள டி-அணுக்கள் பங்கேற்கின்றன. பொருளின் சிறு மூலக்கூறுகள் தோலுக்குள் நுழைந்து நம் புரதங்களோடு ஒட்டிக்கொள்ள, காவல் அணுக்கள் அதை நிணநீர்க் கணுவுக்குக் கொண்டுபோய்க் காட்டுகின்றன. அங்கே ஒரு முறை "பகை" என்று பதிந்துவிட்டால், அடுத்த முறை அந்தப் பொருள் பட்டதும் டி-அணுக்கள் திரண்டு வந்து சேர ஒன்று முதல் மூன்று நாள் ஆகிறது. பத்து வருடம் தொல்லையில்லாமல் பயன்படுத்திய பொருளுக்கு ஒவ்வாமை பதினோராம் வருடம் தொடங்கலாம் என்பதால், "இதைத்தானே எப்போதும் போடுகிறேன்" என்ற வாதம் செல்லாது.

நரம்பு வழி அரிப்பில் இந்தத் தாமதம் இல்லை. அது கழுத்தின் நிலை, வெப்பம், களைப்பு, நேரம் இவற்றோடு அன்றே, சில சமயம் அந்த நிமிடமே, ஏறி இறங்கும். சொறிந்தால் திருப்தி வராது. அரிப்போடு எரிச்சலும் ஊசி குத்தலும் ஊர்தலும் கலந்திருக்கும். காரணம் தேடுகிறவர்கள் பெரும்பாலும் "இன்று என்ன செய்தேன்" என்றுதான் யோசிக்கிறார்கள். அந்தக் கேள்வி நரம்புக்குப் பொருந்தும். ஒவ்வாமைக்குப் பொருந்தவே பொருந்தாது.

ஒரு நோயாளியை எடுத்துக்கொண்டு இதைப் படிப்படியாகப் பார்க்கலாம். பல நோயாளிகளிடம் காணப்படும் அம்சங்களைச் சேர்த்து அமைத்த உதாரணம் இது. வயது 46, பள்ளி ஆசிரியை. இரண்டு வருடமாகத் தலையில் அரிப்பு. செவ்வாயும் வெள்ளியும் தலைக்குக் குளிப்பவர். செவ்வாயன்று அரிப்பு உச்சத்துக்குப் போவதைக் கவனித்து, ஷாம்புதான் காரணம் என்று முடிவு செய்தார். ஷாம்பு மாற்றினார், பிறகு சீயக்காய்க்கு மாறினார், பிறகு கடலைமாவு. எதிலும் குறையவில்லை. கத்தரிக்காய் சாப்பிட்டால் அரிக்கும் என்று மாமியார் சொன்னதால் அதையும் ஓரளவு குறைத்தார். நான்கு வாரத்துக்கு ஒரு முறை சனிக்கிழமை நரைக்குச் சாயம் அடிப்பார். சாயம் அடித்த அன்று எதுவும் ஆவதில்லை என்பதால் அதன்மேல் சந்தேகமே வரவில்லை.

மருத்துவர் அவரிடம் ஆறு வாரத்துக்கு ஒரு நோட்டு எழுதச் சொல்கிறார். இரவு படுக்கும்முன் ஐந்து நிமிட வேலை. அன்றைய அரிப்புக்குப் பூஜ்யம் முதல் பத்துவரை ஒரு எண், தொடங்கிய நேரம், இடம், அதாவது முன்நெற்றி ஓரமா, உச்சந்தலையா, காதுக்குப் பின்னாலா, பிடரியா, உணர்வு அரிப்பா எரிச்சலா ஊர்தலா. பிறகு தலைக்கும் முகத்துக்கும் அன்று பட்ட எல்லாம்: எண்ணெய், ஷாம்பு, சாயம், பொட்டு, வாசனைத் தெளிப்பான். கடைசியாக உறக்கம், மாதவிடாய், வெயில், கழுத்தைக் குனிந்து செய்த வேலை. ஒரு நிபந்தனை மட்டும் கண்டிப்பானது. அரிக்காத நாளிலும் எழுத வேண்டும். அரித்த நாளை மட்டும் எழுதிய நோட்டு எதையும் நிரூபிக்காது. நாம் தினமும் செய்யும் ஏதாவது ஒன்று எல்லா அரிப்பு நாளிலும் இருக்கத்தான் செய்யும்.

இதைக் கத்தரிக்காயில் சோதித்துப் பார்ப்போம். 42 நாளில் அவர் 9 நாள் கத்தரிக்காய் சாப்பிட்டிருக்கிறார். அவற்றில் 4 நாள் அரிப்பு நான்குக்கு மேல் போயிருக்கிறது. பார்த்ததும் குற்றவாளி அகப்பட்டதுபோல் இருக்கும். ஆனால் கத்தரிக்காய் இல்லாத 33 நாளில் 15 நாள் அப்படித்தான் இருந்திருக்கிறது. 9-இல் 4, 33-இல் 15: இரண்டும் ஏறத்தாழ 45 சதவீதம். கத்தரிக்காய்க்கும் இந்த அரிப்புக்கும் இவரிடம் தொடர்பில்லை. அந்த 33 நாள் எழுதப்படாமல் இருந்திருந்தால் இந்தக் கணக்கே போட முடியாது.

மொத்தம் 19 கடுமையான நாட்கள். இப்போது ஒவ்வொன்றிலிருந்தும் சில நாள் பின்னோக்கிப் பார்க்க வேண்டும். அப்படிப் பார்த்ததும் 19 நாட்களும் இரண்டு கூட்டமாகப் பிரிந்துவிடுகின்றன. முதல் கூட்டம் 8 நாள். சாயம் அடித்த இரண்டு சனிக்கிழமைகளுக்குப் பிறகு வந்த திங்கள் முதல் வியாழன் வரை. சனி, ஞாயிறு எண் ஒன்றோ இரண்டோ. திங்கள் மாலை ஆறு, செவ்வாய் எட்டு, அடுத்த சனிக்குள் இரண்டுக்குத் திரும்பிவிடும். இடம் காதுக்குப் பின்னாலும் முன்நெற்றி ஓரத்திலும். ஒரு குறிப்பில், "மேல் இமை சற்று உப்பியது, தூக்கம் சரியில்லை போல" என்று எழுதியிருக்கிறார். சாயம் அடிக்காத வாரங்களின் செவ்வாய்க்கிழமைகளில் அதே குளியலுக்கு எண் இரண்டைத் தாண்டவில்லை. செவ்வாய்க் குளியல் பழிசுமந்தது இப்படித்தான். சனிக்கிழமை விதைத்தது செவ்வாயன்று முளைத்தது.

சாயம் தலையில் பூசப்பட்டும் தலைத்தோல் ஏன் சிவக்கவில்லை? தலைத்தோல் தடிமனானது, எளிதில் படை காட்டாது. கழுவும்போது வழியும் நீர் மெல்லிய தோலான இமை, காது, கழுத்தோரம் இவற்றைத் தொடுகிறது. ஆகவே தலையில் வெறும் அரிப்பும், இமையில் வீக்கமும் என்ற இணை சாய ஒவ்வாமைக்கு மிகப் பழக்கமான கோலம். இமை உப்பியதைத் தூக்கமின்மை என்று எழுதியவரிடம் நோய் தன் பெயரையே சொல்லிக்கொண்டிருந்தது. நிரந்தரக் கருப்புச் சாயங்களில் பெரும்பாலும் இருக்கும் பாராஃபினிலீன்டையமின், சுருக்கமாக பி.பி.டி., தொடு ஒவ்வாமை தரும் பொருட்களில் முன்வரிசையில் நிற்பது. ஷாம்புகளில் கெடாமலிருக்கச் சேர்க்கும் மீத்தைல்ஐசோதயசோலினோன் இன்னொன்று. கழுவாமல் விடும் பூச்சுகளில் அதை ஐரோப்பிய ஒன்றியம் 2017 முதல் தடைசெய்துவிட்டது. வாசனைப் பொருட்களும் இந்தப் பட்டியலில் உண்டு. 'மூலிகை' என்று எழுதிய உறை இவை எதுவும் இல்லை என்பதற்கு உத்தரவாதம் ஆகாது.

நோட்டு சந்தேகத்தைத்தான் தரும், தீர்ப்பைத் தராது. தீர்ப்புக்கு ஒட்டுச் சோதனை என்ற பேட்ச் டெஸ்ட் வேண்டும். ஜோசப் யாடசோன் 1895-இல் அறிமுகப்படுத்திய முறைதான் இன்றும் அடிப்படை. நீர்த்த அளவில் பல பொருட்களை முதுகில் சிறு கிண்ணங்களில் ஒட்டி, 48 மணி நேரம் தண்ணீர் படாமல் வைத்து எடுப்பார்கள். எடுத்தவுடன் ஒரு முறையும், 72 முதல் 96 மணி நேரத்தில் மறுபடியும் பார்க்க வேண்டும். இரண்டாம் பார்வையைத் தவறவிட்டால் தாமதமாக எழும் ஒவ்வாமையும் தவறிவிடும். முதல் பார்வையில் சிவந்து இரண்டாவதில் மங்குவது பெரும்பாலும் வெறும் உறுத்தல். நேரம் போகப் போகத் தடித்து அரிப்பதுதான் ஒவ்வாமை. ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடும்போது எடுத்தால் இல்லை என்று பொய் சொல்லலாம். வீட்டில் ஷாம்புவை அப்படியே ஒட்டி மூடிவைத்துச் சோதிப்பது இன்னும் மோசம். அது யார் தோலையும் புண்ணாக்கும், எதையும் நிரூபிக்காது. காதுக்குப் பின்னால் சாயத்தைத் தொட்டு அரை மணி நேரத்தில் "ஒன்றும் ஆகவில்லை" என்று முடிவு செய்வதும் அப்படித்தான். அந்தச் சோதனையை இரண்டு நாள் காத்திருந்து பார்த்தால்தான் பொருள் உண்டு. ஏற்கெனவே முகம் வீங்கியவர்கள் அதையும் செய்யக் கூடாது.

நம் ஆசிரியைக்கு 96 மணி நேரப் பார்வையில் பி.பி.டி. ஒட்டிய இடம் தடித்துச் சிவந்திருந்தது. சாயத்தை நிறுத்தினார். அடுத்த எட்டு வாரத்தில் முதல் கூட்டம் ஒரு முறையும் வரவில்லை.

ஆனால் இன்னும் 11 நாட்கள் மிச்சம். இவை உச்சந்தலையில் மட்டும் வந்தன; மாலை நான்குக்குப் பிறகு தொடங்கின; "எரிச்சல், எறும்பு ஊர்வதுபோல்" என்று எழுதப்பட்டிருந்தன; படுத்து அரை மணி நேரத்தில் தணிந்தன. பதினொன்றும் விடைத்தாள் திருத்திய நாட்கள். சாயத்தை நிறுத்தியும் இவை குறையவில்லை. இரண்டு காரணங்கள் ஒரே தலையில் குடியிருக்கலாம் என்பதை மருத்துவர்கள்கூட எளிதில் மறந்துவிடுகிறார்கள். முதல் காரணம் கிடைத்த மகிழ்ச்சியில் மிச்சத்தை "மனசு" கணக்கில் எழுதிவிடுவது அங்கேதான் நடக்கிறது.

தலையின் முன்பாதிக்கு உணர்வு தருவது முகத்துக்கான முந்நரம்பின் மேல்கிளை. பின்பாதிக்கு இரண்டாம் மூன்றாம் கழுத்து நரம்புகள். உச்சந்தலை இரண்டும் சந்திக்கும் எல்லை. 1998-இல் ஹாஸ், சீகல் என்ற இருவர், தோலில் எதுவும் இல்லாமல் தலை எரிந்த 11 பெண்களைப் பற்றி எழுதினார்கள். மனச்சோர்வுக்கான மருந்துகளை மிகக் குறைந்த அளவில் கொடுத்தபோது பெரும்பாலோர் தேறினார்கள். அந்த மருந்துகள் நரம்பு வலியையும் தணிப்பவை. ஆகவே அவை கேட்டதை வைத்து நோய் மனதில் என்று சொல்ல முடியாது. 2013-இல் தார்ன்ஸ்பெரி, இங்கிலிஷ் என்ற இருவர் இத்தகைய 15 நோயாளிகளின் கழுத்தைப் படமெடுத்துப் பார்த்தபோது, ஏறத்தாழ எல்லாரிடமும் கழுத்தெலும்புத் தேய்மானமோ மாற்றமோ இருந்தது. கழுத்துத் தசைகள் எப்போதும் இறுகியிருந்தால், நெற்றியையும் பிடரியையும் இணைத்து உச்சந்தலைக்கு அடியில் விரிந்திருக்கும் தசைநார்ப் படலம் இழுபட்டு நரம்புகளை உறுத்துகிறது என்பது அவர்களின் கருத்து.

இங்கே அளவோடு நம்ப வேண்டும். நாற்பது வயதுக்கு மேல் எந்தத் தொல்லையும் இல்லாதவர்களின் கழுத்துப் படத்திலும் தேய்மானம் தெரியும். படத்தில் தேய்மானம் இருப்பதால் மட்டும் அரிப்பு அங்கிருந்து வருகிறது என்றாகாது. அதைவிட நம்பத்தக்கது, கழுத்தின் நிலையை மாற்றினால் நோட்டிலுள்ள எண் மாறுகிறதா என்பது. ஆசிரியை மேசைமேல் சாய்வுப் பலகை வைத்து, விடைத்தாளைக் கண்மட்டத்துக்கு உயர்த்தி, இருபது நிமிடத்துக்கு ஒரு முறை எழுந்து நடந்தார். உடலியக்கச் சிகிச்சையாளரிடம் கழுத்துப் பயிற்சி கற்றார். முன்பு ஐந்து ஆறு என்றிருந்த எண் திருத்தும் நாட்களில் இரண்டு மூன்றுக்கு இறங்கியது. பூஜ்யம் ஆகவில்லை. அப்படி இறங்காதவர்களுக்கு கபாபென்டின் போன்ற மருந்தை இரவில் குறைந்த அளவில் தொடங்கி மெதுவாக ஏற்றுவார்கள். அதில் மயக்கமும் தள்ளாட்டமும் வரலாம். சிறுநீரகம் பழுதானவர்களுக்கு அளவு குறையும். அதற்குமுன் ரத்தச் சர்க்கரை, பி-12, தைராய்டு, இரும்புச்சத்து பார்ப்பது அவசியம். சர்க்கரை நோயில் சிறு நரம்பிழைகள் பழுதாவதன் ஒரு வெளிப்பாடாகத் தலை அரிப்பு வரலாம். முழுக்கச் சைவ உணவு உண்பவரிடமும், நெடுநாள் மெட்ஃபார்மின் சாப்பிடுபவரிடமும் பி-12 குறைவதும் சாதாரணம்.

நோட்டை மூடிவிட்டு உடனே மருத்துவரிடம் போக வேண்டிய நிலைகளும் உண்டு. ஒரு பக்கம் மட்டும் வலியோடு கொப்புளம் எழுந்தால் அது அக்கியாக இருக்கலாம். கண்ணருகே வந்தால் நாள் கடத்தக் கூடாது. வட்டமாக முடி கொட்டி அந்த இடம் வழவழப்பானால், வேர்கள் நிரந்தரமாக அழிவதற்குள் பார்க்க வேண்டும். தலை அரிப்போடு இமை ஊதாச் சிவப்பாகி, படியேறவும் கையைத் தூக்கித் தலைவாரவும் பலம் போதாமல் போனால் அது தசையையும் தோலையும் சேர்த்துத் தாக்கும் நோயாக இருக்கக் கூடும். சாயம் அடித்ததும் மூச்சு முட்டினால் அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும்.

பி.பி.டி. ஒவ்வாமை ஒரு முறை வந்தால் பெரும்பாலும் ஆயுளுக்கும் தங்கிவிடும். சாயப் பொட்டலத்தை மாற்றுவது மட்டும் தீர்வல்ல. பி.பி.டி. இல்லை என்று சொல்லும் சாயங்கள் பலவற்றில் அதன் நெருங்கிய உறவான டொலுயீன்டையமின் இருக்கும், பி.பி.டி. ஒவ்வாதவர்களில் கணிசமானோருக்கு அதுவும் ஒவ்வாது. 'கருப்பு மருதாணி' என்று விற்கும் பொடியில் கருப்பைத் தருவது பெரும்பாலும் இலை அல்ல, பி.பி.டி.தான். இலையாக அரைத்த மருதாணி செம்பழுப்பு தரும். அதன்மேல் அவுரிப் பொடி பூசினால் கருமைக்கு நெருங்கும். இரண்டையும் வேறு எதுவும் கலக்காத பொடியாக வாங்கி, முழங்கையின் உட்புறம் ஒரு சிறு இடத்தில் பூசி மூன்று நாள் பார்த்த பிறகு தலைக்குப் போடலாம். பல் மருத்துவர் ஈறில் தடவும் சில மரப்புக் களிம்புகளில் உள்ள பென்சோகெய்னும் இந்தக் குடும்பத்துக்கு உறவு என்பதால், பி.பி.டி. ஒவ்வாது என்று மருந்துச் சீட்டிலேயே எழுதி வாங்கி வைத்துக்கொண்டு, அழகு நிலையத்திலும் பல் மருத்துவரிடமும் முதலில் அதைக் காட்டச் சொல்லியிருக்கிறார்கள் ஆசிரியையிடம்.